பில் கட்டின் போட்டோ வந்தால்: கூட்டுவதா, பிரிப்பதா, படிவம் நிரப்புவதா?

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சர்வீஸ் ஆட்கள் மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார்கள். அவர்கள் செலவழித்த பணத்தை சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்வது என் வேலை. அவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவது ஒரு போட்டோ: மேசை மேலோ, லாட்ஜ் கட்டில் மேலோ பரப்பி வைத்த பில்கள். கூட ஒரு வார்த்தை இருக்காது. இருந்தாலும் "அக்கா, கொஞ்சம் பாருங்க" என்ற அளவோடு நின்றுவிடும்.

எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மொத்தம் எவ்வளவு என்று கூட்டிச் சொல்ல வேண்டுமா? பயணம், தங்கல், சாப்பாடு என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமா? இல்லை, கிளைம் படிவத்தையே நிரப்பித் தர வேண்டுமா? மூன்றும் ஒரே வேலையின் மூன்று படிகள் போலத் தெரியும். ஆனால் வேறு வேறு ஆளுக்கு, வேறு வேறு நேரத்தில் தேவைப்படுபவை. கூட்டுத்தொகை, செலவழித்தவருக்கு வேண்டும். பிரிவு, கணக்குப் பிரிவுக்கும் மேனேஜருக்கும் வேண்டும். படிவம் என்பது, இந்தச் செலவை நான்தான் செய்தேன், கம்பெனி வேலைக்காகவே செய்தேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம்.

ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். கேட்பதுண்டு. ஆனால் கிணற்று மேட்டில் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் உடனே பதில் சொல்ல மாட்டார். அவர் பதில் வரும்வரை காத்திருந்தால், அவருக்கு அந்தத் தொகை தேவைப்பட்ட நேரம் போய்விடும். அதனால் போட்டோவையே முதலில் படிக்க வேண்டியிருக்கிறது.

போட்டோவில் நான் முதலில் பார்ப்பது பில்கள் கிடக்கும் விதம். ஒன்றின் மேல் ஒன்றாக, சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டது போலக் கிடந்தால் ஆள் இன்னும் ஊர் திரும்பவில்லை. பெரும்பாலும் அவருக்கு வேண்டியது ஒரு தொகைதான். தேதி வாரியாக அடுக்கி, பின் குத்தி, ஓரத்தில் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் அவரே ஒரு முறை கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது சரிபார்ப்பு, அல்லது படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்ற உதவி. போட்டோவின் ஓரத்தில் வெற்றுப் படிவத்தின் மூலை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இதே கட்டை மேனேஜர் அனுப்பினால் விஷயம் வேறு. அவருக்கு மொத்தத் தொகை ஏற்கெனவே தெரிந்திருக்கும். எந்தத் தலைப்பில் வரம்பு மீறியிருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. மாதக் கடைசியில் வரும் போட்டோ, யார் அனுப்பினாலும் படிவத்தை நோக்கித்தான் போகும். கிளைம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி நெருங்கியிருக்கும்.

இந்த ஊகம் முக்கால்வாசி சரியாக இருக்கும். மீதிக் கால்வாசிக்காகத்தான் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மூன்றில் எதைக் கேட்டிருந்தாலும் முதலில் செய்வது ஒரே வேலை: ஒரு பில்லுக்கு ஒரு வரி. தேதி, ஊர், எதற்கு, பிரிவு, தொகை. ஐந்தே கட்டம். இந்தப் பட்டியல் இருந்தால் கூட்டுத்தொகை அடியில் தானாக வந்துவிடும். பிரிவு வேண்டுமென்றால் ஒரு ஃபார்முலா போதும். படிவம் வேண்டுமென்றால் வரிகளை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். பட்டியல் போடாமல் கால்குலேட்டரில் தட்டி ஒரு தொகையை மட்டும் அனுப்பினால், மறுநாள் "பிரிச்சுக் குடுங்கக்கா" என்று வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பட்டியலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வரி வரியாக எழுதும்போதுதான் கண்ணில் படும். ஒரு கட்டை முழுதாகச் சொல்கிறேன்.

எங்கள் சர்வீஸ் தம்பி ஒருவர் திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஒரு சுற்று போயிருந்தார். கிளம்பும்போது 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் திருவனந்தபுரத்திலிருந்து போட்டோ வந்தது. ஏதோ ஒரு பெஞ்சின் மேல் பில்கள், காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு ஸ்பேனர். செய்தி: "அக்கா, இத ஒரு தடவ பாத்துடுங்க."

படத்தில் தெரிந்தவை இவை. கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் டிக்கெட் 430. திருநெல்வேலி லாட்ஜ் பில் 3,150. அதே லாட்ஜ் பெயரில் ஒரு சிறு ரசீது 1,500. கார்டு தேய்த்த சீட்டு 1,650. சாப்பாட்டு பில் ஐந்து, சேர்த்து 1,120; அதில் ஒன்று மட்டும் 320. பெட்ரோல் 300, டீலரின் பைக்கை வாங்கி ஓட்டியதற்கு. ஹார்டுவேர் கடை பில் 640. நாகர்கோவிலுக்கு பஸ் 75, அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு 95. திருவனந்தபுரம் லாட்ஜ் 1,260.

இருக்கிற காகிதத்தையெல்லாம் அப்படியே கூட்டினால் 10,220 வருகிறது. ஆனால் உண்மைச் செலவு அது இல்லை. திருநெல்வேலி லாட்ஜின் மூன்று காகிதத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். பெரிய பில்லில் இரண்டு இரவு வாடகை 3,000, ஜிஎஸ்டி 150, மொத்தம் 3,150 என்று இருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் அட்வான்ஸ் 1,500 கழிவு, பாக்கி 1,650. சிறு ரசீது என்பது உள்ளே நுழையும்போது கட்டிய அந்த 1,500. கார்டு சீட்டு என்பது காலி செய்யும்போது கட்டிய பாக்கி 1,650. ஆக மூன்று காகிதமும் ஒரே செலவைத்தான் சொல்கின்றன. மூன்றையும் கூட்டினால் 6,300, அதாவது சரியாக இரண்டு மடங்கு.

இதில் தம்பியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையில் கிடைத்த காகிதம் எதையும் தொலைக்காமல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவர் இந்தத் தொகையைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், மேலே பார்ப்பவர்களுக்கு அது இரட்டைக் கிளைமாகத்தான் தெரியும். அதனால் எந்தக் கட்டு வந்தாலும் கூட்டுவதற்கு முன் இந்த ஒன்றைத் தேடுகிறேன்: பில் நம்பர் இல்லாத காகிதம் எது? கார்டு சீட்டிலும் யுபிஐ ஸ்க்ரீன்ஷாட்டிலும் பணம் போனது தெரியும்; என்ன வாங்கினோம் என்பது தெரியாது. அவை பணம் கட்டியதற்குச் சாட்சி, பில் ஆகாது. அந்தத் தொகை கட்டில் உள்ள வேறொரு பில்லின் மொத்தத்தோடோ பாக்கியோடோ பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் அந்தப் பில்லுக்குப் பின்னால் இணைப்பாகப் போகட்டும், தனி வரி வேண்டாம். எதோடும் பொருந்தாவிட்டால், ஒரு பில் எங்கோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டலிலும் இதே தொல்லை உண்டு. சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டும் கடைசி பில்லும் இரண்டுமே கையோடு வந்துவிடும்.

இரட்டிப்பைக் கழித்ததும் படத்தில் உள்ள செலவு 7,070 ஆனது. அடுத்து, படத்தில் இல்லாதது என்ன என்று யோசிக்க வேண்டும். பில்களைத் தேதிப்படி வரிசையாக வைத்தால் ஊர் விட்டு ஊர் போன பாதை தெரியும். பாதையில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே ஒரு செலவு விடுபட்டிருக்கும். இந்தத் தம்பி திருவனந்தபுரம் வரை போனதற்கு டிக்கெட் இருக்கிறது. திரும்பி வருவதற்கு இல்லை. ரயில் டிக்கெட்டை போனிலேயே எடுத்திருப்பார், காகிதமாக இருக்காது. பஸ் நிலையத்திலிருந்து வேலை நடந்த இடத்துக்குப் போன ஆட்டோவுக்கும் பில் இருக்காது.

அவருக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்:

"தம்பி, படத்துல இருக்கற செலவு 7,070. லாட்ஜ் ரசீது 1,500-ம் கார்டு சீட்டு 1,650-ம் 3,150 பில்லுக்குள்ளயே வந்துடுது, தனியா சேர்க்கல. அட்வான்ஸ் 5,000 போக உங்க கைக்காசு இதுவரைக்கும் 2,070. திரும்பி வர டிக்கெட்டும் ஆட்டோவும் இதுல இல்லைங்க. அது எவ்வளவுன்னு சொல்லுங்க. 320 ரூபா சாப்பாடு யாரோடன்னும் சொல்லுங்க."

பதில் மாலையில் வந்தது. ரயில் 280, ஆட்டோ இரண்டு தடவை சேர்த்து 200. 320 ரூபாய் சாப்பாடு டீலரோடு சேர்ந்து சாப்பிட்டது. கடைசியாக ஒரு வரி: "கைக்காசு எவ்வளவு போயிருக்குன்னுதான்கா கேட்டேன். வீட்டுக்கு அனுப்பற பணத்துல இருந்து எடுத்துட்டேன்."

கூட்டுத்தொகை கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்தத் தொகைதான். மொத்தச் செலவு 7,550 என்று சொன்னால் அவருக்கு உபயோகமில்லை. அட்வான்ஸ் கழித்து 2,550 வர வேண்டியிருக்கிறது, அது எப்போது வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதனால் யாருக்கு மொத்தம் சொன்னாலும் அட்வான்ஸையும் பாக்கியையும் சேர்த்தே சொல்கிறேன். அட்வான்ஸ் வாங்கினாரா என்று தெரியாவிட்டால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இனி பிரிப்பது. பிரிவுப் பெயர்களை நாமாக வைத்தால் வேலை இரட்டிப்பாகும். கிளைம் படிவத்தில் என்ன தலைப்பு அச்சாகியிருக்கிறதோ அதே சொல்லை, அதே எழுத்தில் பட்டியலில் போட வேண்டும். ஒரு வரியில் "தங்கல்", இன்னொன்றில் "லாட்ஜ்" என்று எழுதிவிட்டால் ஃபார்முலா பாதியை விட்டுவிடும். பிரிவு D கட்டத்திலும் தொகை E கட்டத்திலும் இருந்தால் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=SUMIF(D:D,"தங்கல்",E:E)
```

தம்பியின் கட்டு இப்படிப் பிரிந்தது: வெளியூர்ப் பயணம் 880, உள்ளூர்ப் போக்குவரத்து பெட்ரோலும் ஆட்டோவும் சேர்த்து 500, தங்கல் 4,410, சாப்பாடு 800, டீலரோடு சாப்பிட்ட 320 வாடிக்கையாளர் உபசரிப்பு, பொருள் 640. எல்லாவற்றையும் கூட்டினால் திரும்பவும் 7,550 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரிக்குத் தலைப்பு தப்பாக எழுதியிருக்கிறது.

இதில் இரண்டு இடத்தில் பிரிப்பவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஹார்டுவேர் கடை 640-ஐப் பாருங்கள். டெஃப்லான் டேப், சொல்யூஷன், இரண்டு எல்போ. பயணத்தின்போது வாங்கியது என்பதால் பலர் "இதர பயணச் செலவு" என்று எழுதிவிடுவார்கள். அது பயணச் செலவு இல்லை. வாடிக்கையாளரின் பம்பில் போட்ட பொருள். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் கம்பெனி ஏற்கும். காலம் முடிந்திருந்தால் வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டிய பணம். புகார் எண்ணை அந்த பில்லில் எழுதாவிட்டால் இதைத் தீர்மானிக்கவே முடியாது. போட்டோவை மட்டும் பார்த்து யாரும் ஊகிக்கக்கூடாத இடம் இது.

இன்னொன்று லாட்ஜ் பில்கள். இரண்டும் தங்கல்தான், ஆனால் எங்கள் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. லாட்ஜ் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான் அந்தச் சேவை நடந்ததாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் கம்பெனியின் ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் மட்டும். திருநெல்வேலி பில்லில் உள்ள 150 ரூபாய் வரியை, பில்லில் கம்பெனி பெயரும் எங்கள் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால், உள்ளீட்டு வரியாகக் கேட்க, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, வழி இருக்கிறது. திருவனந்தபுரம் பில்லில் உள்ள வரி கேரளத்துக்குப் போனது. தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது, முழுத்தொகையும் செலவாகவே போகும். பில் எந்த மாநிலத்தது என்று அறிய முகவரியைத் தேட வேண்டியதில்லை. லாட்ஜின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. இதற்காகத்தான் பட்டியலில் ஊர் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அறை எடுக்கும்போதே கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைக் கவுண்டரில் காட்டச் சொல்லி எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதைப் படமாக அனுப்பி வைத்திருக்கிறேன். பில் அடித்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் பல லாட்ஜ்களில் மாற்றித் தருவதில்லை.

கடைசியாகப் படிவம். யார் எவ்வளவு கெஞ்சினாலும் போட்டோவை வைத்து முழுப் படிவத்தையும் நான் நிரப்பித் தருவதில்லை. தொகை, தேதி, ஊர், பிரிவு ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எழுதித் தருவேன். "நோக்கம்" என்ற கட்டமும் பில் இல்லாத செலவுக்கான உறுதிமொழியும் அவர் கையால் எழுத வேண்டியவை. 200 ரூபாய் ஆட்டோவுக்கு எங்கிருந்து எங்கே போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் "பஸ் நிலையத்திலிருந்து தளத்துக்கு" என்று பொதுவாக எழுதி, மேலே யாராவது கேட்டால் அவர் வேறொன்று சொல்லி, அவர் பெயர்தான் கெடும். நேர்மையாக உழைத்துச் செலவழித்தவர் பதில் சொல்லத் தடுமாறி நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. நோக்கம் எழுதும்போது "சர்வீஸ் வேலை" என்று மொட்டையாக எழுதாமல் புகார் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அந்த எண் இருந்தால் மேனேஜர் கூப்பிட்டு விசாரிப்பதே இல்லை, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

போட்டோ எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதெல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. கட்டு முழுவதையும் ஒரே படத்தில் பிடித்தால் ஒரு பில்லின் அடிப்பகுதி இன்னொன்றின் கீழே மறையும். மறைவது பெரும்பாலும் மொத்தத் தொகை இருக்கும் கடைசி வரிதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. நான்கு நான்கு பில்லாக, ஒன்றையொன்று தொடாமல் வைத்து எடுத்து, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்கிறேன். தெரியாத இலக்கத்தை ஊகிப்பதில்லை; சாப்பாட்டு பில் என்றால் உருப்படிகளைக் கூட்டிப் பார்ப்பேன், வரியும் சில்லறை சரிக்கட்டலும் சேர்த்து மொத்தம் பொருந்தினால் எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி.

போட்டோவை அன்றன்றைக்கே எடுக்க வேண்டும். பஸ் டிக்கெட், பெட்ரோல் பில், கார்டு சீட்டு எல்லாம் பெரும்பாலும் மையில்லாத தாள். சூடு பட்டால் எழுத்து வரும்படி பூசிய தாள். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அதுதான். பைக் டாங்க் கவரில் வெயிலில் கிடந்தால் முழுத்தாளும் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறைக்குள் நாள்பட வைத்தால் எழுத்து வெளிறிப்போகும். அசல் வெளுத்து, போட்டோவும் இல்லை என்றால் அந்தச் செலவை நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. எடுத்த படம் இருந்தால், வெளுத்த அசலோடு படத்தின் அச்சுப் பிரதியையும் இணைத்து ஏற்றுக்கொள்ள வைக்கலாம். எங்கள் ஆபீஸில் அதற்கு இடம் கொடுக்கிறார்கள்.

தம்பி திங்கட்கிழமை அசல் பில்களோடு வந்தார். ஏ4 தாளில் ஓடு வேய்ந்த மாதிரி மேலோரத்தில் மட்டும் பசை தடவி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினோம், அடியில் உள்ள பில்லைத் தூக்கிப் பார்க்க வசதியாக. எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை பட்ட இடத்திலும் அந்தத் தாள் வெளிறும். ஒவ்வொரு பில்லின் மூலையிலும் பட்டியலில் உள்ள வரி எண்ணைப் பேனாவால் எழுதினோம். 320 ரூபாய் பில்லின் பின்புறம் டீலர் கடையின் பெயரை அவரே எழுதினார். லாட்ஜ் ரசீதையும் கார்டு சீட்டையும் 3,150 பில்லின் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து, அதே எண்ணைப் போட்டோம். ரயில் டிக்கெட்டை அவர் போனிலிருந்து அச்செடுத்து கடைசியில் வைத்தோம். நோக்கம் என்ற கட்டத்தில் மூன்று ஊருக்கும் மூன்று புகார் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹார்டுவேர் பில்லை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு உத்தரவாதத் தேதியைப் பார்க்க சர்வீஸ் பிரிவுக்குப் போனார்.